லென்ஸுக்குள் நிற்பது யார்?

இணையத்தில் கூலிங் கிளாஸ் வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி, லென்ஸை மட்டும் உற்றுப் பாருங்கள். பல படங்களில் ஸ்டூடியோ ஜன்னலின் கம்பிகளும் விளக்குக் குடையும் தெரியும். நடுவே கேமராவைப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். லென்ஸ் என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க வந்தவர், படம் எடுத்தவரின் அறையைப் பார்த்துவிட்டுப் போகிறார். கீழே விவரத்தைப் படித்தால் 'பிரீமியம் ஷெல் ஃபிரேம்' என்றிருக்கும். அது எந்தப் பொருள் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. படமும் சொல்லும் சேர்ந்துதான் ஒரு பொருளைக் காட்டுகின்றன என்பதால், இரண்டையும் ஒரே கண்ணாடியை வைத்துப் பார்ப்போம்.

நீல மெர்க்குரி லென்ஸ், பழுப்புத் திட்டுகள் போட்ட ஃபிரேம். காதில் மாட்டும் தண்டின் உட்புறத்தில் 56-18-145 என்று பொறித்திருக்கிறது. ஒரு லென்ஸின் அகலம் 56 மில்லிமீட்டர், மூக்குப் பாலம் 18, தண்டின் நீளம் 145. படம் எடுப்பவருக்கு இந்த முதல் எண் மிகவும் தேவை.

கூலிங் கிளாஸ் லென்ஸ் தட்டையானது அல்ல, வெளிப்புறம் குவிந்தது. சாதாரணமாகப் புழங்கும் ஒரு வளைவுக்கு ஆரம் சுமார் 88 மில்லிமீட்டர் இருக்கும். பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் போலவே அதுவும் நேர் எதிரே உள்ளதை மட்டும் காட்டாது, பக்கங்களையும் இழுத்துக்கொண்டு வரும். 56 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸ் ஒன்றே ஏறத்தாழ 75 டிகிரி அகலத்துக்குக் காட்சியை வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு, இரண்டு லென்ஸ்களும் முகத்தைச் சுற்றிச் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். எனவே கண்ணாடிக்கு அரை மீட்டர் முன்னால் வெள்ளைத் திரை கட்டினால், அது குறைந்தது ஒன்றேகால் மீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால் திரையின் ஓரம் இரண்டு லென்ஸின் வெளி மூலைகளிலும் கறுப்புக் கோடாக விழும். விளையாட்டு வீரர்கள் அணியும், முகத்தைச் சுற்றி வளைந்த கண்ணாடிக்கு இதைவிடவும் பெரிய திரை வேண்டும்.

அப்படியானால் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டிவிட்டால் போதுமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தால் நீலப் பூச்சு வெளிறி, லென்ஸ் பிளாஸ்டிக் தட்டு மாதிரி தெரியும். எங்கும் கறுப்பாக இருந்தாலோ நீலமே தெரியாது, ஏனென்றால் மெர்க்குரிப் பூச்சு தன் நிறத்தைக் காட்ட எதிரே வெளிச்சம் வேண்டும். நல்ல படத்தில் லென்ஸின் மேல் பகுதி வெளிச்சமாகத் தொடங்கி, கீழே வர வர மெல்ல இருளும். இதற்கு விளக்கைத் திரைக்குப் பின்னால் அதன் மேல் விளிம்பை ஒட்டி வைத்தாலே போதும். திரையிலேயே வெளிச்சம் மேலிருந்து கீழாகக் குறையும், லென்ஸ் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஓரங்களில் நீலம் கொஞ்சம் ஊதாவாகத் தெரிந்தால் அதைத் திருத்த வேண்டாம். சாய்வாகப் பார்க்கும்போது இந்தப் பூச்சின் நிறம் மாறுவது இயல்பு. வாங்கியவரும் அதைத்தான் பார்க்கப்போகிறார்.

திரையில் கேமராவுக்கு ஓட்டை போட வேண்டும், அந்த ஓட்டையும் லென்ஸில் தெரியும். 8 சென்டிமீட்டர் ஓட்டை அரை மீட்டர் தூரத்தில் இருந்தால், லென்ஸில் ஆறேழு மில்லிமீட்டர் கறுப்புப் பொட்டாக விழும். திரையை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் அது பாதியாகிவிடும். சீராக இருளும் பரப்பில் அந்தச் சிறிய பொட்டைக் கணினியில் அழிப்பது எளிது. ஆனால் திரையைத் தள்ளும்போது அதன் அகலத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். கண்ணாடியை ஒரு பக்கமாக நன்றாகத் திருப்பி வைத்து எடுத்தால் பொட்டே லென்ஸை விட்டு வெளியேறிவிடும். விற்பனைப் படங்களில் முக்கால் கோணம் அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம்.

கேமராவில் போலரைசர் வடிகட்டி மாட்டினால் எல்லாப் பிரதிபலிப்பும் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. நேர் எதிரிலிருந்து எடுக்கும்போது அது ஏறக்குறைய எதையும் குறைக்காது. கண்ணாடியும் போலரைஸ்டு வகையாக இருந்தால், வடிகட்டியைத் திருப்பும்போது ஒரு கட்டத்தில் லென்ஸ் வழியே தெரியும் பின்னணி முழுக்கக் கறுத்துவிடும். லென்ஸின் உண்மையான அடர்த்தி என்ன என்று பார்ப்பவருக்குப் புரியாமல் போகும்.

வெளியே, மாடலின் முகத்தில் வைத்து எடுப்பதற்கு வேறு கணக்கு. மெரினாவில் மாடல் கடலைப் பார்த்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எடுத்தால் கடலுக்கு மேல் நிற்கும் சூரியன் லென்ஸில் ஊசிமுனையாகக் கண்ணைக் கூசும். மாலையில் சூரியன் மாடலுக்குப் பின்னால் போய்விடும், லென்ஸில் வானமும் கடலும் மட்டுமே மிஞ்சும். அவற்றோடு படம் எடுப்பவரும் இருப்பார். ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால் அவர் லென்ஸின் உயரம் முழுவதையும் பிடித்துக்கொள்வார், மூன்று மீட்டருக்கு நகர்ந்தால் பாதியாகச் சுருங்குவார். ஆகவே நீண்ட குவியத்தூர லென்ஸை மாட்டிக்கொண்டு இன்னும் பின்னால் போக வேண்டும், உட்கார்ந்து எடுத்தால் உருவம் இன்னும் அடங்கும்.

தொடுவானக் கோட்டைக் கவனியுங்கள். வளைந்த கண்ணாடியில் நேர்க்கோடு வில்லாக வளையும். ஆனால் கேமரா, மாடலின் கண் மட்டத்திலேயே இருந்தால் கடல் கோடு நேராகவே விழும். கேமரா மேலேயோ கீழேயோ போனால் கோடு வளையத் தொடங்கும். கோடு நேராக இருந்தும் லென்ஸின் நடுவில் இல்லாமல் மேலே ஏறியிருந்தால், ஃபிரேம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாடல் முகவாயைச் சிறிது உயர்த்தினால் கோடு இறங்கும்.

காட்சியைக் கணினியில் ஒட்டுவோரும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு லென்ஸிலும் அதே அலை, அதே மேகம், அதே இடத்தில் இருந்தால் அது ஒட்டு. இடத்தாலும் கோணத்தாலும் வேறுபட்ட இரண்டு லென்ஸ்கள் ஒரே காட்சியைப் பார்க்கவே முடியாது.

இனி ஃபிரேம். நம் கண்ணாடியின் பழுப்புத் திட்டுகள் உண்மையில் எங்கே இருக்கின்றன? ஒரு விளக்கைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகக் காட்டி, ஃபிரேமின் தடிமனைப் பாருங்கள். திட்டு மேலிருந்து உள்ளே இறங்கி ஓரத்திலும் தொடர்ந்தால், நிறம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பருத்தியிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸிலிருந்து தயாராகும் அசிடேட் தகடுகள் அப்படித்தான் இருக்கும். அவற்றை வெட்டி, மெருகேற்றி ஃபிரேம் ஆக்குகிறார்கள். தண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஓடும் உலோகக் கம்பிகூடப் பெரும்பாலும் தெரியும். முகப்பில் மட்டும் திட்டு இருந்து, ஓரத்தில் ஒரே நிறமாக நின்றுவிட்டால் அது அச்சடித்த பூச்சு. அச்சில் வார்த்த நைலானிலும் பிற பிளாஸ்டிக்குகளிலும் இதைப் பார்க்கலாம். அவை மோசமான பொருள்கள் அல்ல. விளையாட்டுக்கு லேசான நைலான் ஃபிரேம்தான் நல்லது. அதை அசிடேட் என்று எழுதினால்தான் பொய்.

'ஷெல்' என்று எழுதுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஒரு காலத்தில் ஃபிரேம் செய்ய உண்மையான ஆமை ஓடு, குறிப்பாக அழுங்காமையின் ஓடு, பயன்பட்டது. அந்த இனம் 1977-லிருந்து சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு தருகிறது. எனவே 'ஆமை ஓடு போன்ற திட்டுகள்' என்று எழுத வேண்டும். 'கோல்டு ஃபிரேம்' என்பதும் இப்படித்தான். தங்கமா, தங்க நிறமா என்று சொல்லிவிட வேண்டும். 'மெட்டல்' என்று நிறுத்துவதும் போதாது. சில ஃபிரேம்கள் நிக்கலும் செம்பும் கலந்த மோனல் உலோகத்தில் செய்யப்படுகின்றன. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒரு சொல் தெரிந்தே ஆக வேண்டும்.

முதலில் பொருள், பிறகு நிறம், பிறகு மேற்பரப்பு என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் இருக்காது. நம் கண்ணாடிக்கு நான் எழுதுவது இது: 'செல்லுலோஸ் அசிடேட் ஃபிரேம், ஆமை ஓடு போன்ற பழுப்புத் திட்டுகள், பளபளப்பான மெருகு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல். சாம்பல் நிற லென்ஸ், வெளிப்புறம் நீல மெர்க்குரிப் பூச்சு.' இந்தக் குறிப்பைப் படம் எடுப்பதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. 'பளபளப்பான மெருகு' என்று இருந்தால் ஃபிரேமின் மேல் விளிம்பில் கூர்மையான ஒரு வெள்ளைக் கோடு விழ வேண்டும். 'மேட்' என்று இருந்தால் அந்தக் கோடு மங்கிப் பரவ வேண்டும். விளக்கை எங்கே வைப்பது என்பது அந்த வரியிலிருந்தே தெரிந்துவிடும்.