ஹல்லியா, ஹள்ளியா?

மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கன்னடத்தில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"நம்ம ஹல்லி சிக்கது. அஜ்ஜி ஆலு கொட்டரு. பஸ்ஸினல்லி ஷாலெகெ ஹோதெ. டீச்சர் ஹாதரதிந்த மாதனாடிஸிதரு. ஸஞ்ஜெ பஸ்னல்லி பந்தெ. பெட்டத மெலெ மோட இத்து."

"எங்கள் ஊர் சின்னது" என்று சொல்ல வந்தவன், "எங்கள் பல்லி சின்னது" என்று எழுதிவிட்டான். கன்னடத்தில் ஹள்ளி என்றால் கிராமம், ஹல்லி என்றால் பல்லி. ஒரு ளகரம் இடம் மாறியதால் ஊர் சுவரில் ஏறிவிட்டது.

'ஆலு' பால்தான், 'ஹாலு' என்று எழுத வேண்டும். பழைய மைசூர்ப் பகுதியின் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகரம் தேய்ந்துவிடும். காதில் விழாத ஒலி கையிலும் வராது. இதற்காகத் திட்டு வாங்கும் பிள்ளை, அடுத்த முறை தேவையில்லாத இடத்திலும் ஹகரத்தைப் போட்டுவிடுவான். 'ஆதரதிந்த' என்றால் மரியாதையோடு. அவன் எழுதிய 'ஹாதர' என்பதற்குக் கள்ள உறவு என்று பொருள். பாவம் டீச்சர்!

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஓர் எளிய வழி உண்டு. பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த பகரமே பின்னாளில் ஹகரமாயிற்று. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. தமிழில் பகரம் இருந்தால் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரம் வரும். தமிழில் ஆடு என்று உயிரில் தொடங்குவது அங்கும் ஆடுதான். வடமொழிச் சொற்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

'மெலெ' வேறு வகைப் பிழை. சரியான சொல் 'மேலெ'. எகரக் குறியோடு வலப்பக்கம் 'தீர்க' என்ற நீட்டல் குறியைச் சேர்த்தால்தான் கன்னடத்தில் ஏகாரம் ஆகும். ஈகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் அதே குறிதான். பையன் 'மேலெ' என்று சரியாகத்தான் சொல்கிறான். கைதான் குறியை விட்டுவிட்டது. எழுதியதை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொன்னால் தானே கண்டுபிடிப்பான். ஹகரப் பிழை அப்படிப் பிடிபடாது. அவன் படிப்பதும் 'ஆலு' என்றுதான்.

மீதியிருப்பது பஸ். 'பஸ்ஸினல்லி', 'பஸ்னல்லி' இரண்டும் வழக்கில் உள்ளவை. முதலாவது, கன்னட இயல்புப்படி உகரம் சேர்த்து 'பஸ்ஸு' ஆக்கி வேற்றுமை ஏற்றியது. இரண்டாவது, ஆங்கில ஒலியை அப்படியே வைத்துக்கொண்டது. இரண்டில் எதுவும் தவறில்லை. ஒரே பத்தியில் இரண்டையும் கலந்ததுதான் குறை.

ஆக, ஆறு வரியில் சிவப்பு மை பட வேண்டிய இடம் ஐந்து. முதல் மூன்றுக்குச் சொல்லின் பொருளையும் ஒலியையும் சொல்லித்தர வேண்டும். நான்காவதற்கு மறுபடி படித்தால் போதும். ஐந்தாவதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்; ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.