குடிநீர் இல்லை என்றொரு பொய்

1942 மே மாதம் பசிபிக் கடலில் ஜப்பானின் கை ஓங்கியிருந்தது. அந்நாட்டுக் கடற்படை அடுத்து எங்கே பாயும் என்று கண்டுபிடிக்கும் வேலை, பேர்ல் துறைமுகத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த சங்கேத முறிப்புக் குழுவுக்கு ஜோசப் ரோஷ்ஃபோர்ட் தலைவர். குண்டுவீச்சில் சேதமடைந்த 'கலிபோர்னியா' போர்க்கப்பலின் பேண்டு வாத்தியக்காரர்களையும் அவர் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போராடிக்கொண்டிருந்த ஜப்பானியச் சங்கேதத்துக்கு அமெரிக்கர் வைத்த பெயர் ஜே.என்-25. அதில் இரண்டு பூட்டுகள். முதலாவது, பல்லாயிரம் சொற்களுக்கும் இடப்பெயர்களுக்கும் ஆளுக்கொரு ஐந்திலக்க எண்ணைத் தரும் அகராதி. இரண்டாவது, தாறுமாறான எண்கள் நிறைந்த இன்னொரு புத்தகம். அனுப்புபவர் அகராதி எண்ணோடு இந்த எண்ணைக் கூட்டுவார். ஆனால் மீதியை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக மாட்டார். உதாரணமாக, 12345 உடன் 78916 சேர்ந்தால் வானொலியில் போவது 80251.

இதில் ஜப்பானியர் தாமே ஓர் ஓட்டையை விட்டிருந்தார்கள். வழியில் எண் பிசகினால் பெறுபவருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, அகராதி எண்கள் எல்லாமே மூன்றால் மீதியின்றி வகுபடும்படி அமைத்திருந்தார்கள். ஒரே கூட்டெண் வரிசையைக் கொண்டு மறைத்த பல செய்திகள் கையில் சிக்கினால், ஒரு கூட்டெண்ணை ஊகித்து அவை அனைத்திலிருந்தும் கழித்துப் பார்க்கலாம். விடைகள் எல்லாம் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரி. பிழையைத் தடுக்க வைத்த ஏற்பாடே எதிரிக்கு விடைத்தாள் ஆனது. துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் ஐ.பி.எம். இயந்திரங்கள் இந்தத் தேடலுக்குத் துணைநின்றன. அப்படியும் செய்திகளில் சிறு பகுதியைத்தான் படிக்க முடிந்தது. மிச்சத்தை அனுபவத்தால் நிரப்பினார்கள்.

மே மாதச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்ற இடத்தின் மீது பெருந்தாக்குதல் என்பது தெளிவாகிக்கொண்டு வந்தது. அது மிட்வே தீவு என்பதில் ரோஷ்ஃபோர்ட்டுக்குச் சந்தேகம் இல்லை. வாஷிங்டன் அதிகாரிகளுக்குத்தான் இருந்தது. அவர்கள் வாயை அடைக்க, குழுவிலிருந்த ஜாஸ்பர் ஹோம்ஸ் ஒரு யோசனை சொன்னார். கடலடிக் கம்பி வழியே மிட்வேக்கு ரகசிய உத்தரவு போனது: கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று, சங்கேதம் இல்லாமல், வானொலியில் புலம்புங்கள். மிட்வே புலம்பியது. விரைவிலேயே 'ஏ.எஃப்.-இல் நன்னீர்த் தட்டுப்பாடு' என்ற ஜப்பானியச் செய்தி சிக்கியது. தேதியை மறைத்த தனிச் சங்கேதமும் உடைந்ததால், ஜூன் 4 என்பதும் தெரிந்தது.

மே இறுதியில் ஜப்பான் சங்கேதத்தை மாற்றிவிட்டது. புதிய புத்தகங்களைத் தொலைதூரக் கப்பல்களுக்குக் கொண்டுசேர்ப்பதில் தாமதம் ஆகாமல், ஏப்ரலிலேயே அவை புழக்கத்துக்கு வந்திருந்தால், இந்தக் கதையே வேறு.

தளபதி நிமிட்ஸ் இந்தக் கணிப்பை நம்பித் தன்னிடமிருந்த விமானந்தாங்கிக் கப்பல்களைப் பணயம் வைத்தார். பவளக்கடல் போரில் அடிபட்டு வந்த 'யார்க்டவுன்' ஏறக்குறைய மூன்றே நாளில் ஒப்பேற்றப்பட்டது. மூன்று கப்பல்களும் மிட்வேக்கு வடகிழக்கே போய்க் காத்திருந்தன. அவற்றைக் கண்காணிக்க ஜப்பான் அனுப்பிய நீர்மூழ்கிகள் தங்கள் இடத்துக்கு வந்தபோது அவை ஏற்கெனவே கடந்துபோயிருந்தன. ஜப்பானியக் கப்பல்கள் எந்தத் திசையில், எந்த நேரத்தில் தென்படும் என்று உளவு அதிகாரி எட்வின் லேட்டன் முன்கூட்டியே சொன்னது, ஐந்து நிமிடம், ஐந்து பாகை, ஐந்து மைல் மட்டுமே பிசகியது என்று நிமிட்ஸ் பின்னர் பாராட்டினார்.

சங்கேத முறிப்பு செய்தது அவ்வளவுதான். வெற்றியை அது கையில் தரவில்லை. ஜூன் 4 காலை முதலில் பாய்ந்த அமெரிக்க டார்பிடோ விமானங்களில் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்தப்பட்டன. மக்ளஸ்கியின் குண்டுவீச்சு விமானங்கள் எதிர்பார்த்த இடத்தில் எதிரியைக் காணாமல் எரிபொருளை எரித்துக்கொண்டிருந்தன. கீழே ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தனியே விரைவதைக் கண்டு, அது போன திசையில் போனதால்தான் இலக்கு அகப்பட்டது. காலை பத்தரை மணி வாக்கில், சில நிமிடங்களுக்குள் 'அகாகி', 'காகா', 'சோர்யு' ஆகிய மூன்றும் தீப்பற்றின, பிற்பகலில் 'ஹிர்யு'. அமெரிக்கா இழந்த விமானந்தாங்கி 'யார்க்டவுன்' ஒன்றுதான்.

சில நாளில் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழ், ஜப்பானின் திட்டம் கடற்படைக்கு முன்பே தெரியும் என்று அச்சிட்டு அதிகாரிகளைக் குலைநடுங்க வைத்தது. வழக்கு நடத்தினால் ரகசியம் இன்னும் பரவும் என்பதால் அது கைவிடப்பட்டது.

ரோஷ்ஃபோர்ட்டைப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தார் நிமிட்ஸ், வாஷிங்டன் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் அந்த நிலவறையிலிருந்து மாற்றப்பட்டு, பிறகு ஒரு மிதக்கும் கப்பல் பழுதுபார்ப்புத் தளத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டார். 1976-இல் இறந்தார். பதக்கம் வந்தது 1986-இல்.