ரத்து செய்யும் வழியையும் கடிதத்தில் எழுதுங்கள்

ஈரோட்டில் பதிவு பெற்ற சிறிய சீட்டு நிறுவனம் ஒன்றை நடத்தும் நண்பர், ஒரு கடிதத்தையும் ஒரு படிவத்தையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மாதாமாதம் வசூலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்கிலிருந்தே தவணையை எடுத்துக்கொள்ள அவர் திட்டமிட்டிருந்தார். அதற்குச் சம்மதம் கேட்கும் கடிதம் அது. நாற்பது பேருக்குக் கொடுத்ததில் ஆறு பேர்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். “தமிழைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க” என்றார்.

கடிதம் இப்படி இருந்தது: “தங்கள் வசதிக்காக ஆட்டோ டெபிட் முறை அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது. இது 100 சதவீதம் பாதுகாப்பானது. தவறு நேர்ந்தால் தங்கள் வங்கி உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித் தரும். இணைப்பிலுள்ள மேண்டேட்டில் கையெழுத்திட்டு உடனே அனுப்பவும். பணம் திரும்பினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.”

தமிழில் பெரிய பிழை இல்லை. ஆனால் கையெழுத்திட மறுத்தவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. “ஏனுங்க தம்பி, எனக்குத் தவணையே நாலாயிரம்தான். இதுல பத்தாயிரம்னு அடிச்சிருக்கீங்களே, மீதி ஆறாயிரம் எதுக்கு?” என்று கேட்டாராம். நண்பரிடமும் பதில் இல்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் ஒரே தொகையாக அடித்துவிட்டார்கள்.

ஆகவே கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, படிவத்திலிருந்து தொடங்கினோம்.

இன்றும் பலர் ‘இ.சி.எஸ்.’ என்றே சொல்லும் இந்த முறை, இப்போது நடப்பது ‘நாச்’ என்ற அமைப்பின் வழியாக. யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடா கழகம்தான் இதையும் நடத்துகிறது. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட படிவத்தை நிறுவனம் தன் வங்கி மூலம் அனுப்புகிறது. அது கழகத்தின் வழியே வாடிக்கையாளரின் வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வங்கி கையெழுத்தைத் தன்னிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கிறது அல்லது திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யு.எம்.ஆர்.என். எனப்படும் 20 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. அதற்குப் பின் வரும் எந்தப் பற்றும் இந்தக் குறியீட்டைச் சொல்லித்தான் வர வேண்டும்.

வாடிக்கையாளருக்கான காவல் பெரும்பாலும் அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது, தொகை. ‘நிலையான தொகை’, ‘அதிகபட்சத் தொகை’ என்று இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். ஏலச்சீட்டில் மாதாமாதம் கட்டும் பணம் மாறுவதால் நிலையான தொகை போட முடியாது. ஆசிரியையின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 25 பேர், 25 மாதம், தவணை ரூ.4,000. ஒரு மாதம் ஏலத்தில் ஒருவர் ரூ.25,000 தள்ளி எடுக்கிறார். அதில் நிறுவனத்தின் கமிஷன் ரூ.5,000 போக, மீதி ரூ.20,000 இருபத்தைந்து பேருக்கும் பிரியும். தலைக்கு ரூ.800. அந்த மாதம் ஆசிரியை கட்ட வேண்டியது ரூ.3,200. அடுத்த மாதம் தள்ளு குறைந்தால் ரூ.3,500 ஆகலாம். எப்படிப் போனாலும் ரூ.4,000க்கு மேல் போகாது. ஆகவே அதிகபட்சத் தொகை ரூ.4,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அந்தப் பற்று மேண்டேட்டை மீறியது, திரும்பிவிட வேண்டியது. பத்தாயிரம் என்று அடித்தபோது, அந்தக் காவலை நண்பரே ஆறாயிரம் ரூபாய் அகலத்துக்குத் திறந்து வைத்துவிட்டார். ஆசிரியையின் கண்ணில் பட்டது அதுதான்.

இரண்டாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது. நண்பரின் படிவத்தில் ‘நிறுவனம் கோரும்போதெல்லாம்’ என்ற பொருள் தரும் கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தது. மாதம் ஒரு முறை எடுக்கும் சீட்டுக்கு இது தேவையே இல்லை. ‘மாதந்தோறும்’ என்று மாற்றினோம்.

மூன்றாவது, முடிவுத் தேதி. சீட்டு 12-06-2025இல் தொடங்கினால் 25ஆவது தவணை 12-06-2027. படிவத்திலோ முப்பது ஆண்டு தள்ளி ஒரு தேதி இருந்தது. “அடுத்த சீட்டுக்கும் உதவுமேன்னு போட்டேன்” என்றார் நண்பர். அடுத்த சீட்டுக்கு அடுத்த கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அதையும் மாற்றினோம். இந்த மூன்றையும் ஆளுக்கு ஆள் நிரப்பிய பிறகுதான் கையெழுத்துக்கே நீட்ட வேண்டும். காலிக் கட்டங்களோடு நீட்டப்படும் படிவத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

இனி கடிதம். முதலில் அடித்தது, வங்கி உடனடியாக முழுத் தொகையையும் திருப்பித் தரும் என்ற வரியை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதம் ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அது பிரிட்டன் கடிதம். அங்கே தவறாக எடுத்த பணத்தை வாடிக்கையாளரின் வங்கியே உடனே திருப்பித் தரும் உத்தரவாதம் உண்டு. நம் நாச் முறையில் அப்படி ஒரு நிபந்தனையற்ற உத்தரவாதம் கிடையாது. இங்கே தவறாக எடுத்ததைத் திருப்பும் பொறுப்பை நிறுவனம்தான் எழுத்தில் ஏற்க வேண்டும். அது செய்யாவிட்டால் வாடிக்கையாளர் தன் வங்கியில் எழுத்தில் புகார் தரலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் வங்கிமீது முறையிடலாம். இல்லாத காவலைச் சொல்வதைவிட, இருக்கிற காவலை இருக்கிற அளவுக்குச் சொல்வது மேல்.

அடுத்தது முன்னறிவிப்பு. யு.பி.ஐ. ஆட்டோபே, கார்டு மேண்டேட் ஆகியவற்றில் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் தகவலை எதிர்பார்ப்பார்கள். அந்த விதி நாச் படிவத்தைப் பற்றியதல்ல. ஆகவே அதை நிறுவனமே வாக்குறுதியாகத் தர வேண்டும். ஏலம் 5ஆம் தேதி, பற்று 12ஆம் தேதி. 6ஆம் தேதியே இந்த மாதம் எவ்வளவு என்று குறுஞ்செய்தி அனுப்பலாமே என்றேன். ஒப்புக்கொண்டார்.

கடைசியில் ரத்து. இங்கேதான் நண்பர் தயங்கினார். “எப்படி ரத்து பண்றதுன்னு நாமளே சொல்லிக் கொடுத்தா, எல்லாரும் பண்ணிட மாட்டாங்களா?” என்றார். வழி தெரியாதவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். 11ஆம் தேதி கணக்கிலிருக்கும் பணத்தை எடுத்துவிடுகிறார். பற்று திரும்புகிறது. அவருடைய வங்கி அதற்கு ஒரு கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிறது. போதிய பணமின்றி மின்னணுப் பற்று திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவில் காசோலை திரும்புவதைப் போன்றது. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாளுக்குள்ளும் பணம் வராவிட்டால் வழக்குவரை போகலாம். முறையாக ரத்து செய்திருந்தால் தொலைபேசியில் பேசி முடித்திருக்கக்கூடிய விஷயம் அது.

ரத்து செய்ய இரண்டு வழிகள். நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தால் அது தன் வங்கி மூலம் ரத்துக் கோரிக்கையை அனுப்பும். அல்லது வாடிக்கையாளர் தன் வங்கிக் கிளைக்குப் போய், யு.எம்.ஆர்.என். குறியீட்டைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்கலாம். பல வங்கிகளின் செயலியில் மேண்டேட் பகுதியிலேயே இந்த வசதி இருக்கிறது. ஒன்றை மட்டும் கடிதம் மறைக்கக் கூடாது: மேண்டேட் ரத்தானாலும் சீட்டுத் தவணை ரத்தாகாது. பணம் போகும் வழிதான் அடைபடுகிறது, கட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

இத்தனையையும் வைத்து எழுதிய புதிய கடிதம் இது:

“அன்புள்ள அம்மா, வணக்கம். உங்கள் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டின் தவணையை மாதந்தோறும் 12ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள உங்கள் சம்மதத்தைக் கேட்கிறோம். விருப்பமில்லை என்றால் இதுவரை போலவே அலுவலகத்தில் கட்டலாம்.

கழிவு போக மீதிதான் எடுப்போம். எந்த மாதமும் ரூ.4,000க்கு மேல் எடுக்க முடியாதபடி படிவத்தில் எழுதியிருக்கிறோம். எவ்வளவு என்பதை 6ஆம் தேதியே குறுஞ்செய்தியில் சொல்வோம். 12-06-2027க்குப் பிறகு இந்தச் சம்மதம் தானாக முடிந்துவிடும்.

நாங்கள் தவறாக எடுத்திருந்தால், நீங்கள் சொன்ன மூன்று வேலை நாளுக்குள் திருப்பித் தருவோம்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். எங்களிடமோ உங்கள் வங்கியிலோ எழுதிக் கொடுத்தால் போதும். 7ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாதமே நிறுத்திவிடுவோம். அதன் பிறகு தவணையை நேரில் கட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதம் பணம் இல்லையென்றால் முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள். பற்று திரும்பினால் உங்கள் வங்கி கட்டணம் பிடிக்கும். உங்களைக் கேட்காமல் மறுபடி அனுப்ப மாட்டோம்.

படிவத்தைப் படித்துப் பார்த்து, வங்கியில் போடும் அதே கையெழுத்தைப் போடுங்கள். நகல் ஒன்றை உங்களிடமே தருகிறோம்.”

கடைசி வரியையும் சும்மா சேர்க்கவில்லை. முதலில் கையெழுத்திட்ட ஆறு பேரில் இருவரின் படிவம், கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்திருந்தது. வயதாக ஆகக் கையெழுத்து மாறிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் முதலில் தம் வங்கியில் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துவிட்டு வருவது நல்லது.

புதிய கடிதத்தோடு நண்பர் ஆசிரியையின் வீட்டுக்கு மறுபடி போனார். அவர் தொகைக் கட்டத்தை எண்ணிலும் எழுத்திலும் விரல் வைத்துப் படித்தார். பிறகு தேதியை. பிறகு கையெழுத்திட்டார். நகலை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டே, “அந்த இருபது எழுத்து நம்பர் வந்ததும் சொல்லுங்க தம்பி, இதுலயே எழுதி வெச்சுக்கறேன்” என்றாராம்.