மணிமேகலை எங்கே போனாள்?

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் படம் 2023 ஏப்ரலில் வந்தபோது, நாவலைப் படித்திருந்த பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மணிமேகலை எங்கே?" கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை மனத்தில் வரித்துக்கொண்டவள். படத்தில் அவள் இல்லவே இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய பதில் ஒன்று உண்டு: "புத்தகம் பெரிசு, நேரம் போதாது." அது பாதி உண்மை. மீதிப் பாதியை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. கல்கி இந்தக் கதையைத் தன் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஐந்து பாகம், ஏறக்குறைய முந்நூறு அத்தியாயம். மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்தால் 110 முதல் 165 காட்சிக்குத்தான் இடம். அத்தியாயத்துக்கு ஒரு காட்சி என்றாலே பாதிக் கதை வெளியே நிற்கும்.

அப்படியானால் இன்னும் பத்து மணி நேரம் கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடுமா? நம் தர்மபுரிப் பக்கத்தில் பாரதக் கூத்து பதினெட்டு நாள் நடக்கிறது. பகலில் பிரசங்கியார் கதை சொல்கிறார், இரவில் கூத்து. அத்தனை நாள் இருந்தும் பாரதம் முழுவதும் மேடையேறுவதில்லை. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், படுகளம் என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆடுகிறார்கள். நேரத்துக்கு அப்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது.

அது என்ன? பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் நிற்கும், புதுப் புது ஆள் ஏறுவார்கள், இறங்குவார்கள். வாரத் தொடர் அப்படிப்பட்டது. ஒருவர் பத்து வாரம் காணாமல் போய்த் திரும்பி வந்தாலும், கல்கி இரண்டு வரியில் நினைவுபடுத்திவிடுவார். வாசகர் வேண்டுமானால் பழைய இதழைப் புரட்டிக்கொள்வார். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைத் திருப்ப முடியாது. ஒவ்வொரு புது முகமும் "இவர் யார், இவருக்கு என்ன வேண்டும்" என்ற கேள்வியோடு வருகிறது. அப்படிப்பட்ட கேள்விகளை ஒரே சமயத்தில் எத்தனை தாங்க முடியும் என்பதுதான் திரைக்கதைக்காரரின் உண்மையான கவலை.

இங்கேதான் எல்லோருக்கும் வரும் தவறான எண்ணம்: சின்னப் பாத்திரம் என்பதால் வெட்டிவிட்டார்கள் என்பது. பாத்திரம் பெரிதா சிறிதா என்று பார்த்து வெட்டுவதில்லை. அவர் கதையில் என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். அந்த வேலையை ஏற்கெனவே உள்ள இன்னொருவர் செய்ய முடியுமானால், பெயர் போய்விடும், வேலை மட்டும் கைமாறும். பாத்திரங்களை இணைப்பது என்பது இதுதான். ஆள் இருந்துகொண்டே அவருடைய வேலை மட்டும் இன்னொருவருக்குப் போவதும் உண்டு. சேந்தன் அமுதனுக்கு நடந்தது அது. அவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நாவலில் அவருக்குப் பல வேலைகள். தஞ்சையில் வந்தியத்தேவனுக்கு இடம் கொடுத்து உதவுகிறார். ஊமைத் தாயோடு வாழ்ந்து சிவனுக்குப் பூமாலை கட்டுகிறார். படகோட்டும் மாமன் மகள் பூங்குழலியை விரும்புகிறார். கடைசியில் ஒரு பெரிய உண்மை வெளிவருகிறது: கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான பிள்ளை இவர்தான், அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் சேர்ந்த மதுராந்தகன், பிறந்தபோதே மாற்றி வைக்கப்பட்ட குழந்தை. அருள்மொழி தனக்கு வரவிருந்த மகுடத்தை இந்தப் பூத்தொடுப்பவர் தலையில் வைக்கிறார்.

படத்தில் சேந்தன் அமுதன் இருக்கிறார், நண்பனாக மட்டும். குழந்தை மாற்றம் எடுக்கப்பட்டுவிட்டது. மகுடம் நேரே மதுராந்தகனுக்கே போகிறது. இரண்டு மதுராந்தகர்கள் ஒருவராகிவிட்டார்கள்.

ஏன் இப்படி? அந்த ரகசியத்தைத் திறக்க வேண்டுமானால், யாராவது உட்கார்ந்து பழைய கதையைச் சொல்ல வேண்டும்: எந்தக் குழந்தை, யார் கைமாற்றினார்கள், யாருக்குத் தெரியும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை. நாவலில் அது சுவை. படத்திலோ கரிகாலன் கொலைக்குப் பிறகு கதை முடிவை நோக்கி ஓடும் நேரத்தில் இத்தனை விளக்கமும் வந்து குறுக்கே நிற்கும். இன்னொன்று, அந்த ரகசியம் பழுக்க வருடங்கள் தேவைப்பட்டன. தொடரின் தொடக்கத்தில் அமுதனைப் பூக்காரப் பிள்ளையாகச் சந்தித்த வாசகர், அவரை அப்படியே நம்பிப் பழகிய பிறகுதான் உண்மையைக் கேட்டார். படம் அந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குழந்தை மாற்றம் கல்கியின் கற்பனை. செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழன், பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழிக்கு முன் ஆண்டார் என்பது வரலாறு. தன் நாயகன் ஏன் விட்டுக்கொடுத்தான் என்பதற்கு ஓர் அழகான காரணம் கல்கிக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே அமுதனைப் படைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வகையில் வெட்டிய படம்தான் வரலாற்றுக்கு நெருக்கமாக நிற்கிறது.

ஆனாலும் இழப்பு இருக்கிறது. ஆசைப்பட்டவனுக்கு உரிமை இல்லை, உரிமை உள்ளவனுக்கு ஆசை இல்லை என்ற முரணில்தான் நாவலின் முடிவு நிற்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தாரே, அந்தத் தியாகத்தில் அமுதனுக்கும் பங்கு உண்டு. அவர் அரசைக் கேட்கவே இல்லை. படத்தில் அருள்மொழி, கேட்டவருக்கே கொடுக்கிறார். அது பெருந்தன்மை, ராஜதந்திரம் என்றும் சொல்லலாம், ஆனால் வேறொரு செயல். கூடவே, பூக்காரரை மணந்து அரசியாகும் பூங்குழலியின் முடிவும் போய்விடுகிறது. ஒரு இழையை உருவினால் அதோடு பின்னியிருந்த இரண்டு மூன்றும் வருவதை இப்படிக் காணலாம்.

இனி மணிமேகலை. அவள் வேலைகள் இரண்டு. கரிகாலனைக் கடம்பூருக்கு வரவழைக்க அவள் கல்யாணப் பேச்சு ஒரு சாக்கு. கரிகாலன் வருவதற்குப் படத்தில் நந்தினி ஒருத்தியே போதும். அதனால் முதல் வேலை சுலபமாகக் கைமாறியது. இரண்டாவது வேலை, வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கரிகாலனைக் கொன்றது தானே என்று பழியைத் தலையில் போட்டுக்கொள்வது. அதை ஏற்க வேறு ஆள் கிடையாது. அதனால் அது கைமாறவில்லை, காணாமலே போனது. சதியில் சம்பந்தமில்லாத ஒரு பெண் அரண்மனைச் சண்டைக்கு விலை கொடுக்கிறாள் என்ற உணர்வும் அதோடு போனது.

வெட்டு சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. படம் பார்க்கும்போது, "இது இவருக்கு எப்படித் தெரிந்தது?" என்றோ "இவர் ஏன் சரியாக இப்போது வந்து நிற்கிறார்?" என்றோ தோன்றினால், அந்த இடத்தில் சேதி கொண்டுவந்த யாரோ ஒருவரை எடுத்திருக்கிறார்கள். கேள்வியே எழாவிட்டால் வேலை ஒழுங்காகக் கைமாறியிருக்கிறது. ஆனால் மணிமேகலை விஷயத்தில் இந்தச் சோதனை உதவாது. அவளை எடுத்த இடத்தில் தையல் தெரியவில்லை. படம் மட்டும் பார்த்தவருக்கு ஒரு குறையும் தோன்றாது. நாவலைக் கையில் எடுப்பவர்தான், ஐந்து பாகத்தையும் முடித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது, கல்கி அதை எந்த அரசருக்கும் கொடுக்காமல் மணிமேகலைக்குக் கொடுத்திருப்பதைப் பார்ப்பார்.