டீல்ஸ்–ஆல்டர் வினையும் மூலக்கூறின் முகமும்

கரிம இரசாயனத்தில் ஆறு கார்பன் வளையம் கட்டுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் ஓட்டோ டீல்ஸ், குர்ட் ஆல்டர் என்னும் இருவர் 1928ஆம் ஆண்டில் அதனை விளக்கி வெளியிட்டனர். 1950இல் நோபல் பரிசும் பெற்றனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் லோ டெக் பெங் குழுவினர், இண்டியம் முக்குளோரைடை ஊக்கியாகக் கொண்டு இதே வினையைத் தண்ணீரில் நடத்தி, 1996இல் அறிவித்தனர். இவ்வினையில் விளைபொருளின் வடிவத்தை முன்கூட்டியே சொல்ல முடிவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகளை உடையது டையீன். அதன் இரு முனைக் கார்பன்களும் ஓர் ஆல்கீனின் இரு கார்பன்களோடு இணைகின்றன. மூன்று பை பிணைப்புகள் மறைந்து, இரண்டு சிக்மா பிணைப்புகளும், டையீனின் நடுவில் ஒரு புதிய பை பிணைப்பும் தோன்றுகின்றன. இதற்கு டையீனின் இரு முனைகளும் ஒரே பக்கம் வளைந்து நிற்க வேண்டும். பியூட்டாடையீன் சுழன்று சுழன்றுதான் அந்நிலையை அடைகிறது. சைக்ளோபென்டாடையீனோ வளையமாகையால் எப்போதும் அந்நிலையிலேயே இருக்கிறது, விரைந்து வினைபுரிகிறது.

முனைகள் இணைய இசைவது ஏன்? எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆர்பிட்டால்களுள் மிக உயர்ந்ததை டையீன் கொடுக்கிறது. காலியாக உள்ளவற்றுள் மிகத் தாழ்ந்ததை ஆல்கீன் கொடுக்கிறது. டையீனின் அவ்வார்பிட்டாலை ஒரே முகத்தில் நோக்கினால், ஒரு முனை நேர்க்குறியும் மறுமுனை எதிர்க்குறியும் உடையது. ஆல்கீனின் காலி ஆர்பிட்டாலிலும் ஒரு கார்பன் நேர்க்குறி, மற்றது எதிர்க்குறி. ஆகவே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும்போது நேர் நேரோடும், எதிர் எதிரோடும் பொருந்துகின்றன. இரு கைகளைக் கூப்பும்போது உள்ளங்கை உள்ளங்கையைத் தொடுவதைப் போன்றது இது. இரண்டு எத்திலீன்களை இவ்வாறு அமர்த்தினால் ஒரு முனை பொருந்தி, மறுமுனை முரண்படும். வெறும் வெப்பத்தால் அவை இவ்வழியில் எளிதில் இணையாமைக்குக் காரணம் இதுவே.

இரு பிணைப்புகளும் ஒரே முகத்தில் உண்டாவதால் ஒரு விளைவு உறுதியாகிறது. ஆல்கீனில் ஒரே பக்கத்திலிருந்த தொகுதிகள் விளைபொருளிலும் ஒரே பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்தவை எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும். மலேயிக் அமிலத்தின் எஸ்டர் முதல்வகை விளைபொருளையும், பியூமாரிக் அமிலத்தின் எஸ்டர் இரண்டாம்வகையையும் தருவது இதற்குச் சான்று.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. சைக்ளோபென்டாடையீன் மீது மலேயிக் நீரிலி வந்து அமரும்போது, நீரிலி வளையம் எப்பக்கம் நோக்கும்? புதிய இரட்டைப் பிணைப்பின் அடியில் மடிந்து நின்றால் எண்டோ. மெத்திலீன் பாலத்தின் பக்கம் நின்றால் எக்சோ. சாதாரண வெப்பத்தில் பெரும்பாலும் எண்டோவே கிடைக்கிறது. கார்பனைல் கார்பன்களின் ஆர்பிட்டால்கள் டையீனின் நடுக் கார்பன்களோடு அண்மையில் ஒத்திசைவதால் அவ்வழியின் தடை குறைகிறது என்பது நெடுநாளைய விளக்கம். இதற்கு வேறு காரணங்களும் உண்டென இன்று அறிஞர் வாதிடுவர். எண்டோ விரைவில் உண்டாவது. எக்சோ அதிக நிலைப்புடையது. ஆகவே எண்டோவை 190 பாகைக்கு மேல் காய்ச்சினால் அதன் ஒரு பகுதி எக்சோவாக மாறுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் பிரித்தறிவது எப்படி? எண்டோ நீரிலி ஏறத்தாழ 165 பாகையில் உருகும். எக்சோ ஏறத்தாழ 143 பாகையில் உருகும். மேலும், எண்டோவை நீரோடு கொதிக்க வைத்து அமிலமாக்கி, அயோடின் சேர்த்தால் லாக்டோன் உண்டாகிறது. கார்பாக்சில் தொகுதி இரட்டைப் பிணைப்புக்கு அருகில் இருப்பதால்தான் அது கூடுகிறது. எக்சோவில் அத்தொகுதி எட்டாது. சைக்ளோபென்டாடையீன் தனக்குத்தானே இவ்வினையைப் புரிந்து இரட்டையாகிவிடும். ஆகையால் இரட்டையைச் சூடாக்கிப் பிரித்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே பயன்படுத்த வேண்டும்.

தண்ணீரின் பங்கும் வியப்பானது. 1980இல் அமெரிக்காவில் பிரெஸ்லோவும் ரைடவுட்டும், சைக்ளோபென்டாடையீனும் மெத்தில் வினைல் கீட்டோனும் ஐசோ ஆக்டேனில் இருப்பதைவிட நீரில் ஏறத்தாழ 700 மடங்கு வேகமாக இணைவதைக் கண்டனர். எண்ணெய்ப் பசையுள்ள இரு மூலக்கூறுகளையும் நீர் ஒன்றோடொன்று நெருக்குகிறது. கார்பனைலோடு ஹைட்ரஜன் பிணைப்பும் கொள்கிறது. எண்டோ எக்சோ விகிதமும் நீரில் 20க்கு மேல் உயர்ந்தது. இண்டியம் இதற்கு மேலும் துணை செய்கிறது: கார்பனைலின் ஆக்சிஜனைப் பற்றி எலக்ட்ரானை இழுப்பதால், ஆல்கீனின் காலி ஆர்பிட்டால் தாழ்ந்து, டையீனின் ஆர்பிட்டாலை நெருங்குகிறது. ஆனால் இவ்வழி எல்லா ஆல்கீன்களுக்கும் பொருந்தாது. மலேயிக் நீரிலியை நீரிலிட்டால் அது தானே அமிலமாகிவிடும். அதற்கு ஈரமற்ற கரைப்பானே வேண்டும்.