ரிலீவிங் லெட்டர் தர மாட்டேங்கிறாங்களா? முதல்ல செட்டில்மென்ட் கணக்கைத் திறந்து பாருங்க

"புது கம்பெனி ரிலீவிங் லெட்டர் கேக்குது, பழைய கம்பெனி பதிலே போட மாட்டேங்குது, என்ன சார் பண்றது?" நம்ம சேனலுக்கு இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. கேக்கறவங்க கிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: "உங்க ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்டைப் பாத்தீங்களா?" பல பேர் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா பெரும்பாலும் லெட்டர் மாட்டிக்கிட்டு நிக்கிற இடம் அதுதான்.

முதல்ல ரெண்டு லெட்டரையும் பிரிச்சுப் புரிஞ்சுக்குவோம். உங்க ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம், இந்தத் தேதியோட உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம்னு சொல்றது ரிலீவிங் லெட்டர். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவியில வேலை பாத்தீங்கன்னு சொல்றது எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட். நீங்க இன்னும் பழைய இடத்துல சம்பளப் பட்டியல்ல இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான் புது கம்பெனி முதல் லெட்டரைக் கேக்குது. ரெண்டாவது, அடுத்தடுத்த வேலைக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் பின்னாடி தேவைப்படும். சில கம்பெனிகள் ரெண்டையும் ஒரே தாள்ல கொடுத்துடுவாங்க.

பல ஆபீஸ்கள்ல ரிலீவிங் லெட்டரை யாரும் உக்காந்து தனியா எழுதறதில்லை. லேப்டாப் திரும்பி வந்துச்சா, ஐடி கார்டு வந்துச்சா, நோட்டீஸ் பாக்கி தீர்ந்துச்சான்னு ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் க்ளியரன்ஸ் கொடுத்த பிறகுதான் லெட்டர் வெளியில வரும். நடுவுல ஒரு வரி "பாக்கி"ன்னு நின்னா, நீங்க ஹெச்ஆருக்குப் பத்து மெயில் போட்டாலும் அது நகராது. எந்த வரி நிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்கற ஒரு தம்பின்னு வச்சுக்குவோம். மாச கிராஸ் சம்பளம் 48,000 ரூபாய், அதுல பேசிக் 24,000. நோட்டீஸ் காலம் 60 நாள். மே 2-லிருந்து நோட்டீஸ் ஆரம்பிக்குது, ஜூன் 30-ல முடியணும். புது கம்பெனி ஜூன் 16-ல சேரச் சொல்லிட்டாங்க. மேனேஜர் ஒத்துக்கிட்டு, ஜூன் 10 கடைசி நாள், குறையற நாளுக்குப் பாலிசிப்படி பிடிப்போம்னு மெயில் போட்டுட்டார். 40 நாள் நோட்டீஸ் பாத்தாச்சு, 20 நாள் குறையுது.

அந்த மேனேஜர் மெயில் ரொம்ப முக்கியம். வாய் வார்த்தையா "சரிப்பா, போயிட்டு வா"ன்னு சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பினா, சிஸ்டத்துல "சொல்லாமப் போனவர்"னு பதிவாக வாய்ப்பு இருக்கு. அப்படிப் பதிவானா லெட்டர் வாங்கறது இன்னும் கஷ்டம்.

ஜூலையில செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் வருது. புரியறதுக்காக பிஎஃப், வரிப் பிடித்தங்களை இங்க விட்டுடறேன். ஜூன் மாச 10 நாள் சம்பளம் 16,000 வரவு. மிச்சமிருந்த 9 நாள் லீவுக்குப் பேசிக் கணக்குல 7,200 வரவு. மொத்தம் 23,200. இன்னொரு பக்கம், 20 நாள் நோட்டீஸ் பாக்கி கிராஸ் கணக்குல 32,000, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 5,760. மொத்தம் 37,760. ஆக, தம்பி 14,560 ரூபாய் கட்டினாத்தான் லெட்டர்.

இதைப் பாத்துக் கோவம் வந்து, பதிலே போடாம விட்டுடறவங்கதான் நிறைய. புது கம்பெனியோ ஆகஸ்ட் 14-க்குள்ள லெட்டர் வேணும்னு கெடு வச்சிருக்கு. இங்க கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு வரியைச் சரிபார்க்கணும்.

முதல் வரி ஜிஎஸ்டி. நோட்டீஸ் பாக்கிக்காகப் பிடிக்கிற பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178/10/2022-ஜிஎஸ்டி சுற்றறிக்கையில தெளிவாச் சொல்லிடுச்சு. பழைய டெம்ப்ளேட்டை மாத்தாம வச்சிருந்தா அந்த வரி அப்படியே வந்து உக்காந்துக்கும். சுற்றறிக்கை எண்ணைச் சொல்லிக் கேட்டா நீக்கிடலாம். இப்போ பாக்கி 8,800.

ரெண்டாவது வரி, நோட்டீஸ் பாக்கியை எந்தச் சம்பளத்துல கணக்குப் போடறதுங்கறது. இதுக்குப் பதில் உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல இருக்கு. நம்ம உதாரணத்துல "பேசிக் சம்பளத்துக்கு ஈடாக"ன்னு எழுதியிருக்குன்னு வைங்க. அப்போ 24,000-ஐ 30-ஆல வகுத்து 20-ஆல பெருக்கினா 16,000தான். வரவு 23,200-ல இதைக் கழிச்சா, கம்பெனிதான் தம்பிக்கு 7,200 தரணும்! 14,560 கட்டணும்னு வந்த ஸ்டேட்மென்ட், ரெண்டு வரி திருத்தினதும் அப்படியே திரும்பிடுச்சு.

அந்த லெட்டர்ல "கிராஸ்"னு தெளிவா எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா, அந்த 8,800 நியாயமான பாக்கிதான். கட்டிட்டு லெட்டரை வாங்கறதுதான் புத்திசாலித்தனம். இந்தத் தொகையைப் புது கம்பெனி உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தா, அது உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்குள்ள வரும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மெயில் எப்படி எழுதறது

"ப்ளீஸ் சார், அவசரம் சார்"னு எழுதற மெயிலுக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. கணக்கும் தேதியும் இருக்கற மெயிலை ஒதுக்கறது கஷ்டம். ஹெச்ஆருக்கு அனுப்பி, பேரோல் டீமையும் உங்க பழைய மேனேஜரையும் காப்பியில வைங்க. உங்க பர்சனல் மெயில் ஐடியிலிருந்து அனுப்புங்க, ஆபீஸ் ஐடிதான் மூடியாச்சே. இங்கிலீஷ்ல எழுதினாலும் சாரம் இப்படி இருக்கணும்:

"என் எம்ப்ளாயி நம்பர் இது. மே 2 முதல் நோட்டீஸ், ஜூன் 10 கடைசி வேலை நாள். மேனேஜர் ஒப்புதல் மெயில் இணைப்பில். லேப்டாப்பும் ஐடி கார்டும் ஜூன் 10 அன்று ஒப்படைத்ததற்கான ரசீது இணைப்பில். செட்டில்மென்ட்டில் இரண்டு திருத்தம் கேட்கிறேன்: நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி பொருந்தாது, அப்பாயின்ட்மென்ட் லெட்டரின் இந்தப் பிரிவுப்படி கணக்கு பேசிக்கில் வர வேண்டும். திருத்திய ஸ்டேட்மென்ட்டும், ஜூன் 10 தேதியிட்ட ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் ஜூலை 31-க்குள் வேண்டும். வேறு ஏதாவது க்ளியரன்ஸ் பாக்கி என்றால் எந்த டிபார்ட்மென்ட் என்று குறிப்பிடவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. "ப்ராசஸ்ல இருக்கு"ங்கற பதிலுக்கு இடம் கொடுக்காம, நிக்கற வரியை அவங்களையே சொல்ல வைக்கிறது அதுதான்.

சம்பளத்தையே நிறுத்தி வச்சிருந்தா இன்னொரு பிடி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கற ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா பண்ணினவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள கொடுக்கணும்னு சொல்லுது. இது சம்பளத்துக்கான விதி, லெட்டருக்கான விதி இல்ல. ஆனா சம்பளக் கணக்கு முடிஞ்சா லெட்டருக்கான வழியும் பெரும்பாலும் திறந்துடும்.

பிஎஃப் தேதியையும் பாத்துடுங்க

லெட்டர் கையில வந்தும் சிலர் வெரிஃபிகேஷன்ல மாட்டறதுக்குக் காரணம் தேதி. நம்ம தம்பிக்கு லெட்டர்ல ஜூன் 10. பழைய கம்பெனி பிஎஃப்ல மாசக் கடைசின்னு ஜூன் 30 போட்டுட்டா, புது வேலை ஜூன் 16-ல ஆரம்பிக்கறதால ரெண்டு வாரம் ரெண்டு இடத்துல வேலை பாத்த மாதிரி தெரியும். உங்க யுஏஎன்ல லாகின் பண்ணி View பகுதியில Service History-ஐத் திறந்து பாருங்க, வெளியேறின தேதி அங்க இருக்கும்.

தேதியே போடாம காலியா விட்டிருந்தா, கடைசிப் பங்களிப்புக்குப் பிறகு ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே Manage பகுதியில Mark Exit மூலமா ஆதார் ஓடிபி வச்சுப் பதியலாம். கடைசிப் பங்களிப்பு வந்த மாசத்துக்குள்ள ஒரு தேதியைத்தான் அது ஏத்துக்கும். லெட்டர்ல இருக்கற அதே தேதியைப் போடுங்க. ஒருமுறை பதிஞ்சதைத் திருத்தறது லேசு இல்ல.

கெடு நெருங்கிடுச்சு, லெட்டர் வரலைன்னா

புது கம்பெனி ஹெச்ஆர் கிட்ட மறைக்காம எழுத்துல சொல்லுங்க. ராஜினாமாவை ஏத்துக்கிட்ட மெயில், கடைசி மூணு பே ஸ்லிப், சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி, நீங்க பழைய கம்பெனிக்கு அனுப்பின கணக்கு மெயில் இவ்வளவையும் இணைச்சு, லெட்டர் வர்ற வரை இதை ஏத்துக்க முடியுமான்னு கேளுங்க. கெடுவுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கேட்டா, நீட்டிச்சுக் கொடுக்க அவங்களுக்கும் வாய்ப்பு இருக்கு. கெடு முடிஞ்ச பிறகு அதே பேப்பரைக் கொடுத்தா, சாக்கு சொல்ற மாதிரிதான் தெரியும்.

"லெட்டர்ஹெட் மட்டும் இருந்தாப் போதும் ப்ரோ, அடிச்சுக் கொடுத்துடறேன்"னு சொல்ற ஆள் கிட்டப் போயிடாதீங்க. வெரிஃபிகேஷன் ஏஜென்சி லெட்டரைப் படிச்சுட்டு விட மாட்டாங்க, பழைய ஹெச்ஆருக்கே மெயில் போட்டுக் கேப்பாங்க. லேட்டாகிற லெட்டருக்கு விளக்கம் சொல்லலாம். போலி லெட்டருக்கு விளக்கமே கிடையாது, வேலையும் போயிடும்.

எழுத்துல கேட்டு, கணக்கும் சரியா இருந்து, அப்பவும் பதில் இல்லைன்னா ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பறது அடுத்த படி. அந்த நோட்டீஸ்ல வக்கீல் எழுதப் போறதும் உங்க மெயில்ல இருக்கற இதே தேதிகளையும் தொகைகளையும்தான். அதனால இன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் பிரிவுல "பேசிக்"னு இருக்கா, "கிராஸ்"னு இருக்கான்னு பாத்து வைங்க. ராஜினாமா மெயில் அனுப்பறதுக்கு முன்னாடியே பாத்துட்டா இன்னும் நல்லது.