வட்டி ஏறினால் பாண்டு எவ்வளவு இறங்கும்?

2022 ஜனவரியில் இந்திய அரசு புதிய பத்தாண்டுக் கடன் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. ஆண்டுக்கு 6.54 சதவீதம் கூப்பன், 2032-இல் முதிர்வு. வங்கி வைப்பு போல இதுவும் அசையாத முதலீடு என்று நினைத்தவர்களுக்கு அதே ஆண்டு ஜூனில் அதிர்ச்சி. சந்தையில் அதன் யீல்டு 7.5 சதவீதத்தைத் தாண்டியது, விலை 93 ரூபாய்க்கு அருகே இறங்கியது. புதிதாக வாங்குபவருக்கு 7.5 சதவீதம் கிடைக்க வேண்டுமானால், 6.54 மட்டுமே தரும் பத்திரத்தின் விலை குறைந்துதான் தீர வேண்டும். எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட உதவும் எண்தான் டியூரேஷன்.

போட்ட பணம் திரும்பிவரச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகும் என்பதே டியூரேஷனின் அடிப்படை. முதல் பத்தாம் ஆண்டில்தான் வருகிறது. ஆனால் கூப்பன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடுவதால், சராசரி பத்தாண்டுக்குக் குறைந்து ஏறக்குறைய 7.5 ஆண்டு ஆகிறது. இது மெக்காலே டியூரேஷன். இதை அரையாண்டு யீல்டுக்காகச் சற்றுக் குறைத்தால், அதாவது 1.0327-ஆல் வகுத்தால், கிடைப்பது 7.26. இது மாடிஃபைடு டியூரேஷன். விலைக் கணக்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான். கடன் ஃபண்டுகளின் மாத அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் கண் மாறிவிடும்.

இனி ஒரே ஒரு பெருக்கல். யீல்டு 1 சதவீதப் புள்ளி ஏறினால் இழப்பு 7.26 சதவீதம். பத்து லட்ச ரூபாய்க்கு வைத்திருந்தால் சுமார் 72,600 ரூபாய். வரவிருக்கும் தொகைகளை எல்லாம் 7.54 சதவீதத்தில் தள்ளுபடி செய்து துல்லியமாகப் பார்த்தால் இழப்பு 69,400. மதிப்பீடு கொஞ்சம் மிகையாகவே பயமுறுத்துகிறது. யீல்டு ஏற ஏற டியூரேஷனே சிறிது சுருங்குவதுதான் காரணம்.

பெருக்க வேண்டியது எந்த வட்டியை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது ரிசர்வ் வங்கியின் ரெப்போ அல்ல; அந்தப் பத்திரத்தின் சந்தை யீல்டு. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-இலிருந்து 6.5 சதவீதமானது. 2.5-ஐ 7.26-ஆல் பெருக்கி 18 சதவீத நஷ்டம் என்று பதறியிருந்தால் அது வீண் பதற்றம். நீண்டகாலப் பத்திரங்களின் சந்தை, ரெப்போ உயரும் என்று எதிர்பார்த்து முன்பே நகர்ந்துவிட்டது. 2022 ஜூனுக்குப் பிறகு ரெப்போ மேலும் 1.6 புள்ளி ஏறியபோதும் பத்தாண்டு யீல்டு அதற்கு மேல் ஏறவில்லை.

விலை இழப்பை மட்டும் பார்ப்பதும் அரைக் கணக்குதான், கூப்பனையும் சேர்க்க வேண்டும். பத்து லட்சத்துக்கு ஆண்டு வட்டி 65,400 ரூபாய். ஓராண்டு கழித்து யீல்டு 7.54-இல் நிற்கிறது என்றால், ஒன்பது ஆண்டு மீதமுள்ள அந்தப் பத்திரத்தின் விலை 93.55. இழப்பு 64,500. ஆக, கையில் மிஞ்சுவது 900 ரூபாய். ஒரு புள்ளி ஏற்றம் ஓராண்டு வட்டியை அப்படியே விழுங்கிவிட்டது. கூப்பனை டியூரேஷனால் வகுத்தாலே இந்த எல்லை தோராயமாகத் தெரிந்துவிடும்: 6.54-ஐ 7.26-ஆல் வகுத்தால் 0.9. எனக்குத் தெரிந்து பாண்டு வாங்குமுன் போட வேண்டிய மிகப் பயனுள்ள கணக்கு இதுதான்.

இதே வகுத்தலை அமெரிக்க அரசு 2020 மே மாதம் வெளியிட்ட முப்பதாண்டுப் பத்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள். கூப்பன் வெறும் 1.25 சதவீதம், டியூரேஷன் ஏறக்குறைய 25. விடை 0.05. யீல்டு அந்த அளவு அசைந்தாலே ஓராண்டு வட்டி போயிற்று. கூப்பன் சிறிதானால் பணம் திரும்புவது தாமதமாகி டியூரேஷன் நீள்கிறது. அடியைத் தாங்கும் வட்டியும் இல்லை. 2023 அக்டோபரில் அமெரிக்க நீண்டகால யீல்டு 5 சதவீதத்தைத் தொட்டது. ஏற்றம் 3.75 புள்ளி. 25-ஆல் பெருக்கினால் 94 சதவீத இழப்பு, கிட்டத்தட்ட எல்லாமே போனதாகக் காட்டும். உண்மையில் 5 சதவீத யீல்டில் அதன் விலை சுமார் 45, அதாவது இழப்பு 55 சதவீதம். அதற்குள் டியூரேஷன் இருபதுக்குக் கீழே வந்திருந்தது. ஆகவே நேர்ப் பெருக்கலை ஒரு புள்ளிக்குள் நம்பலாம். பெரிய ஏற்றத்துக்கு விலையைப் புதிதாகத்தான் கணக்கிட வேண்டும், அல்லது டியூரேஷனைத் திருத்தித் திருத்திப் படிப்படியாகப் போக வேண்டும்.

முதிர்வு வரை வைத்திருந்தால் 100 ரூபாய் முழுதாக வரும், நஷ்டமே இல்லை என்பார்கள். அரசுப் பத்திரத்தில் அந்த 100 வரும்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் 7.5 வாங்கும்போது மீதிக் காலம் முழுக்க 6.54-தான் கிடைக்கும். 93 ரூபாய் என்ற விலை அந்த வித்தியாசத்தைத்தான் முன்கூட்டியே சொல்கிறது. தனியார் நிறுவனப் பாண்டானால், கடன் திரும்பாது என்ற பயத்திலும் யீல்டு எகிறும். அது எப்போது, எவ்வளவு எகிறும் என்பதை டியூரேஷன் சொல்லாது.